ஸ்குவாஷ், சிப்ஸ், தேங்காய்ப்பால்: உணவுச் சேர்பொருள் ‘பொருத்துக’ கேள்விக்கு ஒரு வழிகாட்டி

உணவுத் தொழில்நுட்பத் தேர்வு எதுவானாலும் சேர்பொருள் பகுதியில் ஒரு ‘பொருத்துக’ கேள்வியை எதிர்பார்க்கலாம். இடப்பக்கம் நான்கு பொருள்களின் பெயர், வலப்பக்கம் நான்கு வேலை. கல்லூரிப் பருவத் தேர்விலும் இது வரும், கேட் தேர்வின் உணவுத் தொழில்நுட்பப் பகுதியிலும் வரும். பார்த்தவுடன் எளிது என்று தோன்றும். ஆனால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இந்தப் பாடத்தைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் இதில்தான் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். காரணம், அவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். சோடியம் பென்சோயேட் என்றால் பிரிசர்வேடிவ், லெசித்தின் என்றால் எமல்சிஃபயர், பிஎச்ஏ என்றால் ஆன்டிஆக்சிடன்ட். கேள்வி இந்த அளவோடு நின்றால் பட்டியல் போதும். வலப்பக்கம் வகைப் பெயருக்குப் பதிலாக ‘உலோக அயனியைக் கட்டுவது’, ‘நீர்ப்பகுதியைக் கெட்டியாக்குவது’ என்று வேலையைச் சொல்லிவிட்டால் பட்டியல் உதவாது.

அதனால் நான் சொல்லும் வழி வேறு. ஒரு பொருளைப் பார்த்ததும் ‘இது என்ன வகை’ என்று கேட்காதீர்கள். ‘இது இல்லாவிட்டால் அந்த உணவு எப்படிக் கெடும்’ என்று கேளுங்கள். உணவு கெடும் வழிகளில் தேர்வுக்கு முக்கியமானவை மூன்று. பூஞ்சையோ ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ வளரும். அல்லது ஆக்சிஜன் பட்டு எண்ணெயில் சிக்கு வாடை வரும். அல்லது சேர்ந்திருக்க வேண்டிய எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடும். முதலாவதைத் தடுப்பது பிரிசர்வேடிவ், இரண்டாவதைத் தடுப்பது ஆன்டிஆக்சிடன்ட், மூன்றாவதைத் தடுப்பது எமல்சிஃபயரும் அதன் துணையான ஸ்டெபிலைசரும். இந்த மூன்றையும் நம் மாவட்டத்துக் கடைகளில் கிடைக்கும் மூன்று பொருள்களை வைத்தே படித்துவிடலாம்.

முதல் படி: மூன்று பொருள் வாங்குங்கள்

ஒரு எலுமிச்சை ஸ்குவாஷ் பாட்டில், ஒரு பெட்டித் தேங்காய்ப்பால், இரண்டு வகைச் சிப்ஸ். சிப்ஸில் ஒன்று தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸாகவும், மற்றொன்று பாமாயிலில் பொரித்து அடைத்து விற்கும் ஏதாவது ஒன்றாகவும் இருக்கட்டும். எல்லாவற்றின் பின்பக்கத்திலும் சேர்மானப் பட்டியலைத் தேடுங்கள். இந்திய விதிப்படி சேர்பொருள் இருந்தால் அதன் வகையையும், கூடவே அதன் பெயரையோ, சேர்பொருள்களுக்கான சர்வதேச எண்ணாகிய ஐ.என்.எஸ். எண்ணையோ போட வேண்டும். ஸ்குவாஷில் பெரும்பாலும் 211 அல்லது 224 இருக்கும். தேங்காய்ப்பால் பெட்டியில் 435, 466, 412 போன்ற எண்கள் இருக்கலாம். பாமாயில் சிப்ஸில் 319 என்று இருக்க வாய்ப்புண்டு. நம் ஊர் நேந்திரங்காய் சிப்ஸில் வாழைக்காய், தேங்காய் எண்ணெய், உப்பு, மஞ்சள் என்பதோடு பட்டியல் முடிந்துவிடலாம். அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த எண்களுக்கு ஒரு பொது ஒழுங்கு உண்டு. 100-இல் தொடங்குபவை நிறமிகள், 200-இல் தொடங்குபவை பிரிசர்வேடிவ்கள், 300-இல் ஆன்டிஆக்சிடன்ட்டும் புளிப்பைச் சீராக்குபவையும், 400-இல் கெட்டியாக்கிகளும் எமல்சிஃபயர்களும். 500 வரிசையில் சமையல் சோடா போன்றவையும், பொடி கட்டிபிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் சிலிக்கான் டையாக்சைடும் வரும். 621 என்பது சுவைகூட்டும் மோனோசோடியம் குளூட்டமேட். 900-க்கு மேலே மெருகுப் பொருள்களும் இனிப்பிகளும் இருக்கும்.

இந்த ஒழுங்கு வழிகாட்டும், ஆனால் முழுக்க நம்பக் கூடாது. லெசித்தினின் எண் 322. எண்ணை மட்டும் பார்த்தால் ஆன்டிஆக்சிடன்ட் என்று எழுதிவிடுவீர்கள். தேர்வில் அதற்குரிய முதல் வேலை எமல்சிஃபயர். லாக்டிக் அமிலம் 270, மாலிக் அமிலம் 296. இரண்டும் 200 வரிசையில் இருந்தாலும் பெரும்பாலும் புளிப்பைச் சீராக்கத்தான் சேர்க்கிறார்கள். எண்ணை வைத்து ஒரு ஊகம் செய்துகொள்ளுங்கள், விடையை வேலையை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: ஸ்குவாஷை வைத்துப் பிரிசர்வேடிவ்

இந்திய விதிகள் பிரிசர்வேடிவ்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கின்றன. உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், மசாலாப் பொருள்கள், சமையல் எண்ணெய் போன்றவை முதல் வகுப்பு. குளச்சல் கடற்கரையில் உப்பிட்டு உலர்த்தும் கருவாடும், எண்ணெயில் மூழ்கிய மாங்காய் ஊறுகாயும் இந்த வகுப்பால் நிற்பவை. பென்சோயேட், சார்பேட், சல்ஃபர் டையாக்சைடு, நைட்ரைட், புரோபியோனேட், நைசின் போன்றவை இரண்டாம் வகுப்பு. தனியாக அனுமதி தரப்பட்ட உணவுகளைத் தவிர, ஒரே உணவில் இரண்டாம் வகுப்பில் ஒன்றுக்கு மேல் சேர்க்கக் கூடாது. தேர்வில் தேனும் வினிகரும் எந்த வகுப்பு என்று கேட்டால் தயங்காதீர்கள்.

இப்போது ஸ்குவாஷுக்கு வருவோம். எலுமிச்சை ஸ்குவாஷில் ஏன் 211 எண்ணுள்ள சோடியம் பென்சோயேட் போடுகிறார்கள், தேங்காய்ப்பாலில் அதை ஏன் நம்பியிருப்பதில்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்துவிட்டால் பிரிசர்வேடிவ் பகுதியில் பாதி முடிந்தது.

பென்சோயேட் உப்பாகவே நுண்ணுயிரைத் தடுப்பதில்லை. புளிப்பான சூழலில் அது பென்சாயிக் அமிலமாக மாறுகிறது. மின்னேற்றம் இல்லாத அந்த அமில வடிவம்தான் நுண்ணுயிரின் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே போனதும் பிரிந்து, செல்லின் உட்பகுதியை அமிலமாக்கி வளர்ச்சியை நிறுத்தும். எவ்வளவு பங்கு அமில வடிவில் இருக்கும் என்பதை உணவின் பிஎச் முடிவு செய்கிறது. பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ சுமார் 4.2. அதாவது பிஎச் 4.2-இல் பாதி அமிலமாகவும் பாதி உப்பாகவும் இருக்கும். பிஎச் 3.2 என்றால் 91 சதவீதம் அமில வடிவம். பிஎச் 5.2 என்றால் வெறும் 9 சதவீதம். 6.2-க்குப் போனால் ஒரு சதவீதம்தான் மிஞ்சும்.

எலுமிச்சை ஸ்குவாஷின் பிஎச் 3-க்குப் பக்கத்தில் இருக்கும், அங்கே போட்ட பென்சோயேட் முழு வேலையும் செய்யும். தேங்காய்ப்பாலின் பிஎச் 6-ஐ ஒட்டியது, அங்கே போட்டால் கிட்டத்தட்ட வீண். அதனால்தான் தேங்காய்ப்பாலைப் பெட்டியிலோ டின்னிலோ அடைக்கும்போது சூட்டை நம்புகிறார்கள். வலப்பக்கத்தில் ‘அதிகப் புளிப்புள்ள பழப் பானங்களில்’ என்று பார்த்தால் பென்சோயேட்டை நினையுங்கள். சார்பிக் அமிலத்தின் பிகேஏ சுமார் 4.8, அதனால் அது கொஞ்சம் புளிப்புக் குறைந்த உணவிலும், பிஎச் 6 வரைக்கும்கூட, ஓரளவு தாக்குப்பிடிக்கும். பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் எதிராக அதைச் சீஸிலும் கேக்கிலும் சேர்க்கிறார்கள்.

பிரெட்டில் மட்டும் கால்சியம் புரோபியோனேட் ஏன்? பிரெட் மாவை உப்ப வைப்பது ஈஸ்ட். சார்பேட்டை மாவிலேயே கலந்தால் அது ஈஸ்ட்டையும் அடக்கிவிடும், ரொட்டி எழும்பாது. புரோபியோனேட் பூஞ்சையைத் தடுக்கும், ஈஸ்ட்டை அவ்வளவாகத் தொடாது. கூடவே ‘ரோப்’ என்னும் கேட்டையும் தடுக்கும். பேசில்லஸ் சப்டிலிஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் அடுப்புச் சூட்டிலும் பிழைத்து, ரொட்டியின் நடுப்பகுதியைப் பிசுபிசுப்பாக்கும். பிய்த்தால் நூல் நூலாக இழுக்கும், கனிந்த பழ வாடை அடிக்கும். கேள்வியில் ரோப் என்ற சொல் வந்தால் எதிரே புரோபியோனேட்தான்.

அடுத்தது கே.எம்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், எண் 224. இது கரைந்து சல்ஃபர் டையாக்சைடைத் தருகிறது. நுண்ணுயிரைத் தடுக்கும், பழம் பழுப்பாவதையும் தடுக்கும். ஆனால் நிறத்தை வெளுக்கும். அதனால் எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் கே.எம்.எஸ். போடுவார்கள், நாவல்பழம், மாதுளை, கருந்திராட்சை போன்றவற்றுக்குப் போட்டால் அவற்றின் ஊதாச் சிவப்பு மங்கிவிடும் என்பதால் பென்சோயேட் போடுவார்கள். ‘நாவல்பழ ஸ்குவாஷுக்கு எது’ என்ற கேள்வி பட்டியல் படித்தவரை மாட்டிவிடும், காரணம் படித்தவரை மாட்டாது.

இங்கே ஒரு சின்னக் கணக்கும் கேட்பார்கள். நம் பாடநூல்களில் ஸ்குவாஷுக்கு எல்லையாகச் சல்ஃபர் டையாக்சைடு 350 பிபிஎம், பென்சாயிக் அமிலம் 600 பிபிஎம் என்று வரும். இவை கே.எம்.எஸ்.-இன் எடையும் அல்ல, பென்சோயேட்டின் எடையும் அல்ல. கே.எம்.எஸ்.-இல் சல்ஃபர் டையாக்சைடின் பங்கு கணக்குப்படி 57.6 சதவீதம். ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு 350 மில்லிகிராம் சல்ஃபர் டையாக்சைடு வேண்டுமானால் 350-ஐ 0.576-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 608 மில்லிகிராம், அதாவது 0.6 கிராம் கே.எம்.எஸ். பென்சோயேட்டுக்கு மூலக்கூறு எடை விகிதம் 144-க்கு 122. 600 மில்லிகிராம் பென்சாயிக் அமிலத்துக்குச் சுமார் 708 மில்லிகிராம் சோடியம் பென்சோயேட் வேண்டும். செய்முறைத் தேர்வு என்றால் இன்னொன்று: கே.எம்.எஸ்.-ஐக் கொதிக்கிற பாகில் கொட்டக் கூடாது, வாயு பறந்துவிடும். பாகு ஆறியபின், கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: சிப்ஸை வைத்து ஆன்டிஆக்சிடன்ட்

சிப்ஸில் ஈரம் மிகக் குறைவு, அதனால் நுண்ணுயிர் வளராது. அங்கே பிரிசர்வேடிவ் போட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. சிப்ஸைக் கெடுப்பது ஆக்சிஜன். எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழன்றால் ஒரு ராடிகல் உண்டாகும். அது ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்ஸி ராடிகலாகி, பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனைப் பறிக்கும். அங்கே ஹைட்ரோபெராக்சைடும் ஒரு புது ராடிகலும் உண்டாகும். இப்படியே சங்கிலி நீளும். பெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடுகளாகும்போதுதான் நாம் சொல்லும் சிக்கு வாடை மூக்குக்கு வரும்.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. கடினமான பொருத்துக கேள்விகள் இங்கிருந்துதான் பிறக்கின்றன. பிஎச்ஏ, பிஎச்டி, டிபிஎச்க்யூ, புரோபில் கேலேட், டோகோஃபெரால் ஆகியவை தம் ஹைட்ரஜனை ராடிகலுக்குக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும். பாமாயில் சிப்ஸின் 319 என்பது டிபிஎச்க்யூ. சிட்ரிக் அமிலமும் ஈடிடிஏ-வும் சங்கிலியைத் தொடுவதில்லை. அவை இரும்பு, செம்பு அயனிகளைக் கட்டிப்போடும். இரும்புச் சட்டியிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ வரும் துளி உலோகமும் சங்கிலியை வேகப்படுத்தும் என்பதால் அவற்றைக் கட்டுவதே பெரிய உதவி. இந்த வகைக்குத் தாளில் சீக்வெஸ்ட்ரன்ட், கீலேட்டிங் ஏஜென்ட், சினர்ஜிஸ்ட் என்று எந்தப் பெயரும் வரலாம். மூன்றாவதாக, அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனோடு தானே வினைபுரிந்து அதைத் தீர்த்துவிடும். அதை ஆக்சிஜன் ஸ்கேவெஞ்சர் என்பார்கள்.

இனி, நம் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தில் ஏன் ஆன்டிஆக்சிடன்ட் இல்லாமலும் இருக்கலாம் என்பது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். சங்கிலி தொடங்குவதற்கு இடமே குறைவு. ஆகவே ஆக்சிஜனால் அது மெதுவாகத்தான் கெடும். அப்படியானால் பழைய சிப்ஸில் சில நேரம் சோப்பு போல ஒரு சுவை வருகிறதே, அது என்ன?

அது வேறு கேடு. பொரியும்போது உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை எண்ணெயில் தெளிப்பது நம் பக்கத்து வழக்கம். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் படும்போது கொழுப்பு உடைந்து தனிக் கொழுப்பு அமிலங்கள் விடுபடும். தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம், அது தனியாக நின்றால் சோப்புச் சுவை தரும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இது கூடிக்கொண்டே போகும். சரியாகக் காயாத கொப்பரையிலிருந்து ஆட்டிய எண்ணெயில் பொரிக்கும் முன்பே இது இருக்கும். இதை நீராற்பகுப்புச் சிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆக்சிஜனுக்கு வேலை இல்லை, எனவே டிபிஎச்க்யூ எவ்வளவு போட்டாலும் பலன் இல்லை. ஆன்டிஆக்சிடன்ட்டின் வேலையாக ‘நீராற்பகுப்பைத் தடுப்பது’ என்று விடைத்தேர்வில் கொடுத்திருந்தால் அது வலை. ஆக்சிஜன் வழிக் கேட்டைப் பெராக்சைடு மதிப்பாலும், நீர்வழிக் கேட்டைத் தனிக் கொழுப்பு அமில அளவாலும் சோதிப்பார்கள் என்பதையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

ஆன்டிஆக்சிடன்ட்டுக்கு ஒரு எல்லையும் உண்டு. அது சங்கிலி தொடங்குவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். புது எண்ணெயில் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். சிக்கு வாடை வந்துவிட்ட எண்ணெயைத் திரும்ப நல்லதாக்க எந்த ஆன்டிஆக்சிடன்ட்டாலும் முடியாது.

நான்காம் படி: தேங்காய்ப்பாலை வைத்து எமல்சிஃபயரும் ஸ்டெபிலைசரும்

ஒரு தேங்காயைத் துருவி தலைப்பால் பிழிந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றி வையுங்கள். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் பெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் வீட்டுப் பாலில் மேலே கெட்டியான ஏடும் கீழே நீர்த்த பகுதியுமாகப் பிரியும். பெட்டிப் பால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் 435, 466, 412 ஆகியவையும், தொழிற்சாலையில் எண்ணெய்த் துளிகளைச் சிறிதாக்கும் ஹோமோஜினைசரும்.

435 என்பது பாலிசார்பேட் 60, எமல்சிஃபயர். ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும் ஆளைப் போல, இரண்டும் சந்திக்கும் பரப்பில் இது போய் உட்காரும். அங்கே இழுவிசையைக் குறைத்து, துளிகளைச் சுற்றி ஒரு உறை போட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளும். 466 என்பது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 412 என்பது குவார் கம். இவை இரண்டும் பரப்புக்குப் போவதில்லை. தண்ணீரில் கரைந்து தண்ணீரையே கெட்டியாக்கும். கெட்டியான தண்ணீரில் துளிகள் மேலே ஏற நேரமாகும். ஆகவே இவை ஸ்டெபிலைசர், கெட்டியாக்கி.

தாளில் இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள்தான் அதிகம். ‘எண்ணெய்-நீர் பரப்பு இழுவிசையைக் குறைப்பது’ என்றால் எமல்சிஃபயர். ‘தொடர்ச்சிப் பகுதியின் பாகுநிலையைக் கூட்டுவது’ என்றால் ஸ்டெபிலைசர். சாந்தன் கம், குவார் கம், கராஜீனன், பெக்டின் எல்லாம் பொதுவாக இரண்டாவதன் பக்கம். லெசித்தின், மோனோகிளிசரைடு, பாலிசார்பேட் ஆகியவை முதலாவதன் பக்கம்.

எது குறைந்தது என்பதைக் கண்ணாலேயே சொல்ல முடியும். மேலே ஏறிய ஏடு ஒரு குலுக்கலில் திரும்பக் கலந்துவிட்டால் துளிகள் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. அவை மேலேறின, அவ்வளவே. இங்கே கெட்டியாக்கி போதவில்லை. மேலே எண்ணெய் தெளிந்து கண் கண்ணாக மிதந்து, குலுக்கினாலும் நிலைக்காவிட்டால் துளிகள் ஒன்றாகிவிட்டன, உறை உடைந்துவிட்டது. இங்கே எமல்சிஃபயரில் குறை. குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் விடுவதும் இந்த இரண்டாவது வகைதான். தேங்காய்ப்பாலுக்கு இயற்கையாக எமல்சிஃபயராக நிற்பது அதன் புரதம். சூட்டில் அந்தப் புரதம் உறைந்துபோகும்போது உறையும் போய்விடுகிறது. தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதி வரும் முன் இறக்கும் நம் வீட்டு முறைக்குக் காரணம் இதுவே.

எந்த எமல்சிஃபயர் எந்த உணவுக்கு என்பதற்கு, அது எண்ணெயை அதிகம் விரும்புமா தண்ணீரை அதிகம் விரும்புமா என்று காட்டும் எச்.எல்.பி. மதிப்பு உதவும். 3 முதல் 6 வரை குறைவாக இருந்தால் எண்ணெயை அதிகம் விரும்பும், எண்ணெய்க்குள் தண்ணீர் நிற்கும் வெண்ணெய், மார்ஜரின் போன்றவற்றுக்குப் பொருந்தும். 8 முதல் 18 வரை என்றால் தண்ணீருக்குள் எண்ணெய் நிற்கும் தேங்காய்ப்பால், மயோனைஸ் போன்றவற்றுக்கு. பாலிசார்பேட் 60-இன் மதிப்பு சுமார் 15, கிளிசரால் மோனோஸ்டியரேட்டின் மதிப்பு சுமார் 3.8. உணவு எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பால் உடனே பரவிக் கலக்கும், ஏனென்றால் அதன் வெளிப்பகுதி தண்ணீர். வெண்ணெய் கலக்காமல் மிதக்கும்.

ஐந்தாம் படி: ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம்

நான் அமைத்த ஒரு கேள்வி இது. வேண்டுமென்றே குழப்பமான நான்கு பொருள்களை எடுத்திருக்கிறேன்.

அ. சிட்ரிக் அமிலம்
ஆ. அஸ்கார்பிக் அமிலம்
இ. பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்
ஈ. பிஎச்ஏ

1. கொழுப்பு ராடிகலுக்கு ஹைட்ரஜன் தருவது
2. நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுப்பது
3. உலோக அயனிகளைக் கட்டுவது
4. ஆக்சிஜனோடு தானே வினைபுரிந்து அதை அகற்றுவது

பட்டியல் படித்தவர் அ, ஆ, ஈ மூன்றுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் என்று எழுதிவைத்திருப்பார். அதோடு நின்றுவிடுவார். மேலிருந்து கீழாக வரிசையாகப் போடத் தொடங்குவதும் தவறு. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் பொருந்தும் பொருளை முதலில் பிடிக்க வேண்டும்.

பிஎச்ஏ ஃபீனால் வகை. ராடிகலுக்கு ஹைட்ரஜன் தருவதுதான் அதன் வேலை. ஆகவே ஈ-க்கு 1. அடுத்து வலப்பக்கம் பாருங்கள்: மீதமுள்ள மூன்றில் உலோகத்தைக் கட்டுவதற்குப் பெயர்பெற்றது சிட்ரிக் அமிலம். அ-வுக்கு 3. இப்போது அஸ்கார்பிக்கும் மெட்டாபைசல்ஃபைட்டும் மிச்சம். மெட்டாபைசல்ஃபைட்டும் ஆக்சிஜனோடு வினைபுரியும் என்பது உண்மை. அதனால் இ-யிலிருந்து தொடங்கியவர் 2-ஆ 4-ஆ என்று தடுமாறுவார். ஆனால் அஸ்கார்பிக் அமிலத்தை நுண்ணுயிர்த் தடுப்புக்காகச் சேர்ப்பதில்லை. அதற்கு 4 மட்டுமே பொருந்தும். ஆ-வுக்கு 4 போனதும் இ-க்கு 2 தானாக நிற்கும். விடை: அ-3, ஆ-4, இ-2, ஈ-1.

இரண்டு வேலை செய்யும் பொருளைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பதே இதில் உள்ள முறை. அப்படித் தள்ள வேண்டியவை அதிகம் இல்லை. மெட்டாபைசல்ஃபைட், சிட்ரிக் அமிலம், அஸ்கார்பிக் அமிலம், லெசித்தின் ஆகிய நான்கையும் தெரிந்துவைத்தால் போதும். அஸ்கார்பிக் அமிலம் ரொட்டி மாவில் வந்தால் அங்கே அது மாவை வலுப்படுத்தும் பொருள். சிட்ரிக் அமிலம் பானத்தில் வந்தால் புளிப்புக்காக, எண்ணெயில் வந்தால் உலோகத்துக்காக. உணவின் பெயரைக் கேள்வியில் கொடுத்திருந்தால் அதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

நைட்ரைட்டையும் கவனியுங்கள். பதப்படுத்திய இறைச்சியில் அது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினத்தைத் தடுக்கிறது, கூடவே இளஞ்சிவப்பு நிறத்தையும் நிலைநிறுத்துகிறது. வலப்பக்கம் ‘நிறம் நிலைநிறுத்துவது’ என்று இருந்து, இடப்பக்கம் நிறமி எதுவும் இல்லாவிட்டால் நைட்ரைட்டைத் தேடுங்கள்.

பதப்படுத்திய சீஸில் சேர்க்கும் சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் இரண்டுக்கும் எமல்சிஃபையிங் சால்ட் என்று பெயர். பெயரைப் பார்த்து ‘பரப்பு இழுவிசையைக் குறைப்பது’ என்று பொருத்திவிடாதீர்கள். அவை சீஸின் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக் கேசின் புரதத்தை விடுவிக்கின்றன. எமல்சிஃபயராக வேலை செய்வது விடுபட்ட அந்தக் கேசின்தான். எனவே ‘கால்சியத்தைக் கட்டுவது’ என்று வலப்பக்கம் இருந்தால் அதுவே சரியான விடை.

கேட் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விக்குத் தவறான விடை போட்டால் மதிப்பெண் குறையும்: ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு. பொருத்துக கேள்வியில் நான்கு இணைகளும் தெரிய வேண்டும் என்று இல்லை. உறுதியான இரண்டு இணைகளைப் போட்டுவிட்டு, கொடுத்த நான்கு விடைத்தேர்வுகளில் அந்த இரண்டும் சேர்ந்து எதில் வருகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ஒன்று மிஞ்சினால் குறித்துவிடலாம். இரண்டு மிஞ்சினால் அவை எந்த இணையில் வேறுபடுகின்றன என்று பார்த்து, அந்த ஒரு இணையை மட்டும் யோசியுங்கள். உறுதியான இணை ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.